மூன்று எடுத்தால் 20% தள்ளுபடி: பணம் எங்கே போனது?

கேள்வி: வீட்டிலிருந்தே பொடி வகைகள் செய்து சொந்த வெப்சைட்டில் விற்கிறேன். 200 கிராம் பாக்கெட் எல்லாமே 150 ரூபாய், 5% ஜிஎஸ்டி உட்பட. கூலி, பவுச், லேபிள் சேர்த்து அடக்கவிலை 68. கூரியருக்கு முதல் அரை கிலோ 60, அடுத்த ஒவ்வொரு அரை கிலோவுக்கும் 40. டெலிவரிக்கு 40 ரூபாய் வாங்குகிறேன், 399-க்கு மேல் இலவசம். 100 ஆர்டரில் 55 பேர் ஒரு பாக்கெட், 30 பேர் இரண்டு, 15 பேர் மூன்று எடுப்பார்கள். போன மாதம் “மூன்று எடுத்தால் 20% தள்ளுபடி, டெலிவரி இலவசம்” என்று போட்டேன். 100-க்கு 45 பேர் மூன்று எடுத்தார்கள், 15 பேர் இரண்டு, 40 பேர் ஒன்று. விற்பனை ஏறியது, கையில் பணம் ஏறவில்லை. ஊறுகாயையும் சேர்த்து காம்போ போடலாம் என்று இருக்கிறேன். விலையை எப்படி வைப்பது?
– ஒரு வாசகி, சேலம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கணக்கை இவ்வளவு தெளிவாக எழுதி அனுப்பியிருப்பதால் நேராக எண்களுக்கே போய்விடலாம். முதலில் தள்ளுபடியை மறந்துவிட்டு, ஒவ்வொரு ஆர்டரிலும் எல்லாச் செலவும் போக எத்தனை ரூபாய் கையில் நிற்கிறது என்று பார்ப்போம். சதவீதம் வேண்டாம், ரூபாயாகவே போடுங்கள். வாடிக்கையாளர் கொடுத்த தொகையை 1.05 ஆல் வகுத்தால் ஜிஎஸ்டி கழிந்துவிடும். அதிலிருந்து அடக்கவிலை, கூரியர், அட்டைப்பெட்டி, பேமென்ட் கேட்வே ஆகிய நான்கையும் கழிக்க வேண்டும். பெட்டியும் டேப்பும் ஒன்றிரண்டு பாக்கெட்டுக்கு 14 ரூபாய், மூன்றுக்கு 16, நான்குக்கு 18, கேட்வே 2% என்று வைத்துக்கொள்கிறேன். செலவுகளுக்கு நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்வீர்கள் என்பதால் அதைச் சேர்க்கவில்லை. டெலிவரிக்கு வாங்கும் 40 ரூபாயும் பொருளின் விலையோடு சேர்ந்தே வரிக்கு உட்படும், அதனால் அதையும் சேர்த்தே வகுக்கிறேன்.

ஒரு பாக்கெட் ஆர்டரில் 190 ரூபாய் வருகிறது. வரி போக 181. பொடி 68, கூரியர் 60, பெட்டி 14, கேட்வே 4 கழித்தால் நிற்பது 35 ரூபாய்.

இரண்டு பாக்கெட்டில் 340 வருகிறது, வரி போக 324. பொடி 136, கூரியர் 60, பெட்டி 14, கேட்வே 7. நிற்பது 107. ஒரே ஒரு பாக்கெட் கூடியதும் 35 ரூபாய் 107 ஆகிவிட்டதைக் கவனியுங்கள். கூரியரும் பெட்டியும் இரண்டாவது தடவை செலவாகவில்லை, அதுதான் காரணம். காம்போ, மொத்தத் தள்ளுபடி என்று எதைச் செய்தாலும், வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுக்கும் பணம் இந்த மிச்சத்திலிருந்துதான் வரவேண்டும். பொடியின் லாபத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால் திரும்ப வராது.

இப்போது உங்கள் 20% ஆஃபர். 450-இல் 90 போக 360. வரி போக 343. பொடி 204, கூரியர் 100, பெட்டி 16, கேட்வே 7. நிற்பது 16 ரூபாய்! ஒரு பாக்கெட் வாங்குபவரிடம் நிற்பதில் பாதிகூட இல்லை. இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். இரண்டு பாக்கெட் வாங்குபவர் டெலிவரியோடு 340 கொடுக்கிறார். அவரே மூன்று எடுத்தால் 360. அப்படியானால் மூன்றாவது பாக்கெட்டை அவருக்கு 20 ரூபாய்க்கு விற்றிருக்கிறீர்கள். 68 ரூபாய் அடக்கத்தில் செய்த பொடியை, கூரியருக்கு இன்னொரு 40 ரூபாயும் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள்.

சதவீதம் கண்ணை மறைப்பது இங்கேதான். 150-இல் 68 அடக்கம், பாதிக்கு மேல் லாபம், 20% கொடுத்தாலும் தாங்கும் என்று தோன்றும். ஆனால் 20% தள்ளுபடி, இலவச டெலிவரி, கூரியரின் அடுத்த படி மூன்றும் ஒரே ஆர்டரில் விழுந்தன. தனித்தனியாக ஒவ்வொன்றும் தாங்கக்கூடியதுதான். மூன்றும் சேர்ந்ததும் தாங்கவில்லை.

கூரியர் படியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் காம்போவில் எத்தனை பாக்கெட் இருக்க வேண்டும் என்பதை அந்தப் படிதான் முடிவு செய்யும். 200 கிராம் பொடி, பவுச்சோடு தராசில் 215 கிராம் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பவுச்சை எடை போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், கனமான ஜிப் பவுச் என்றால் இன்னும் கூடும். இரண்டு பாக்கெட் 430. சின்ன அட்டைப்பெட்டியும் டேப்பும் 75 கிராம் என்றால் மொத்தம் 505. வெறும் 5 கிராம் கூடியதற்காகக் கூரியர்காரர் ஒரு கிலோ கட்டணம் போடுவார். 60 ரூபாய் 100 ஆகிவிடும், கையில் நிற்கும் 107 ரூபாய் 67 ஆகிவிடும். பெட்டிக்குப் பதிலாகக் குமிழ் உறையில் சுற்றிக் கூரியர் கவரில் போட்டால் பேக்கிங் 45 கிராமுக்குள் முடிந்துவிடும். மொத்தம் 475. பொடி பவுச்சுக்கு அட்டைப்பெட்டி அவசியமில்லை, கசங்கினாலும் உடையாது. கூரியர் பில்லை எடுத்து, இரண்டு பாக்கெட் போன பார்சல்களுக்கு என்ன எடை போட்டிருக்கிறார்கள் என்று இன்றே பாருங்கள். 100-இல் 30 ஆர்டர் இரண்டு பாக்கெட் என்கிறீர்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே 100 ஆர்டருக்கு 1,200 ரூபாய் மிஞ்ச வாய்ப்பு இருக்கிறது, யாருக்கும் ஒரு பைசா தள்ளுபடி தராமலேயே.

அடுத்து மூன்றும் நான்கும். மூன்று பாக்கெட் 645, பெட்டியோடு 725. நான்கு பாக்கெட் 860, பெட்டியோடு 950. இரண்டுமே ஒரு கிலோ படிக்குள் வருகின்றன, இரண்டுக்கும் கூரியர் 100 ரூபாய்தான். அதாவது மூன்று பாக்கெட் அனுப்பும்போது கால் கிலோவுக்கு மேல் காலி இடத்துக்குக் காசு கட்டுகிறீர்கள். உங்கள் கடையில் காம்போ போட வேண்டிய எண்ணிக்கை மூன்று அல்ல, நான்கு. ஐந்து போட்டால் 1,170 கிராம், அடுத்த படிக்குப் போய்விடும். ஆறு என்றால் 1,400 கிராம், ஒன்றரைக் கிலோ படியில் அடங்கும். ஏழு மறுபடியும் தாண்டிவிடும். இந்த எடைக்கும் இந்தக் கூரியர் கட்டணத்துக்கும் இயல்பாக அமையும் எண்கள் 2, 4, 6. ஊரெல்லாம் “மூன்று எடுத்தால்” என்று போடுவது துணிக்கடைப் பழக்கம், பொடிக்கு ஒத்து வராது.

பெட்டியின் அளவும் முக்கியம். கூரியர்காரர்கள் தராசு எடையையும் கொள்ளளவு எடையையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் போடுவார்கள். பெரும்பாலும் பயன்படும் கணக்கு இது, அளவுகள் சென்டிமீட்டரில்:

```
நீளம் × அகலம் × உயரம் ÷ 5000 = கிலோ
```

22 × 16 × 10 பெட்டி என்றால் 0.7 கிலோ, பிரச்சினை இல்லை. அதே நான்கு பாக்கெட்டைக் கையில் கிடைத்த 25 × 20 × 12 பெட்டியில் போட்டால் 1.2 கிலோ. உள்ளே 950 கிராம்தான் இருந்தாலும் ஒன்றரைக் கிலோ கட்டணம் வரும், 40 ரூபாய் காற்றுக்குப் போகும். வகுக்கும் எண் கூரியருக்குக் கூரியர் மாறலாம், உங்கள் ஒப்பந்தத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். காம்போவை அறிவிக்கும் முன்பே அதற்கென்று ஒரு பெட்டி அளவை முடிவு செய்து நூறு பெட்டி வாங்கி வைத்துவிடுங்கள். அவசரத்துக்கு வேறு பெட்டியில் போட்டு அனுப்பினால் கணக்கு தப்பிவிடும்.

இனி விலை. 399-க்கு மேல் இலவச டெலிவரி என்ற எல்லையை முதலில் மாற்ற வேண்டும். இப்போது அது சரியாக மூன்று பாக்கெட்டில் விழுகிறது. 20% ஆஃபர் இல்லாத சாதாரண நாளிலேயே மூன்று எடுப்பவரிடம் 450 வந்து, வரி போக 429, செலவு 329, நிற்பது 100. இரண்டு எடுப்பவரிடம், எடையைச் சரி செய்துவிட்டால், 107 நிற்கிறது. அதிகம் வாங்குபவரிடம் குறைவாக நிற்கிறது என்றால் படி தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம். எல்லையை 575-க்கு ஏற்றினால் மூன்று எடுப்பவர் 490 கொடுப்பார், 137 நிற்கும்.

நான்கு பொடிக் காம்போவை 579 ரூபாய், டெலிவரி இலவசம் என்று வையுங்கள். வரி போக 551. பொடி 272, கூரியர் 100, பெட்டி 18, கேட்வே 12. நிற்பது 149. தனித்தனியாக நான்கு எடுத்து டெலிவரியும் கட்டினால் 640, காம்போவில் 579, 61 ரூபாய் மிச்சம் என்று வாடிக்கையாளருக்குக் காட்டலாம். அதில் 40 ரூபாய் டெலிவரி, விலையில் நீங்கள் குறைத்தது 21 மட்டும். நேர்மையாகச் சொன்னால், எல்லையை 575 ஆக்கிய பிறகு நான்கைத் தனித்தனியாக எடுப்பவருக்கும் டெலிவரி இலவசம்தான், அவர் 600 கொடுப்பார். அதனால் விளம்பரத்தில் “640-க்குப் பதில் 579” என்று போடாமல், “4 பொடி 579, டெலிவரி இலவசம்” என்று மட்டும் போடுங்கள். கணக்குப் போட்டுப் பார்க்கும் வாடிக்கையாளர் கோபப்பட இடம் வைக்கக்கூடாது.

579 ஏன், 549 ஏன் கூடாது என்று கேட்பீர்கள். 549-இல் 122 நிற்கும், தனியாகப் பார்த்தால் நல்ல தொகைதான். ஆனால் மூன்று எடுப்பவரிடம் 137 நிற்கிறதே. அவரை நான்குக்கு ஏற்றினால் 15 ரூபாய் இழப்பீர்கள். விலையைச் சோதிக்க வழி இதுதான்: மேலே உள்ள ஒவ்வொரு படியிலும் அதற்குக் கீழ்ப் படியைவிட ரூபாய் அதிகமாக நிற்க வேண்டும். உங்கள் படிகள் இப்போது 35, 107, 137, 149. எந்த ஆஃபர் போட்டாலும் இந்த வரிசை எங்காவது இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். இறங்கினால் அந்த இடத்தில் விலை தப்பு. ஆறு பாக்கெட்டுக்கும் இப்படியே போடலாம். 849 ரூபாய், டெலிவரி இலவசம் என்றால், பெட்டிக்கு 22 வைத்துக்கொண்டாலும் 222 நிற்கும்.

மூன்று எடுத்து இலவச டெலிவரிக்குப் பழகியவர்களில் சிலர், எல்லையை ஏற்றியதும் விலகிப் போகக்கூடும். ஒருவர் போனால் 100 ரூபாய் போகும். ஒருவர் மூன்றிலிருந்து காம்போவுக்கு ஏறினால் 49 கூடும். அதனால் ஒருவர் போனால் இரண்டு பேராவது ஏற வேண்டும். இதைவிட மோசமாகப் போகிறதா என்று முதல் மாதம் எண்ணிப் பாருங்கள்.

விற்பனை ஏறியதே என்றீர்கள், உண்மைதான். பொருளின் மதிப்பை மட்டும் எடுத்தால் உங்கள் சராசரி ஆர்டர் 240 ரூபாயிலிருந்து 267 ஆகியிருக்கிறது. ஆனால் இரண்டு பாக்கெட் பார்சல்கள் 505 கிராமில் போய்க்கொண்டிருந்தன என்று வைத்துப் போட்டால், 100 ஆர்டரில் முன்பு நின்றது 5,435 ரூபாய், ஆஃபர் மாதத்தில் 3,125. சராசரி ஆர்டர் மதிப்பு கூடியும் பணம் குறைந்தது இப்படித்தான். கவரில் அனுப்பி, எல்லையை ஏற்றி, காம்போ போட்ட பிறகு, 45 பேர் ஒன்று, 27 பேர் இரண்டு, 8 பேர் மூன்று, 20 பேர் காம்போ எடுத்தார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் சராசரி 300, நிற்பது 8,540. 20 பேருக்குப் பதில் 10 பேர்தான் காம்போ எடுத்தாலும் பழைய 5,435-க்கு மேலேதான் இருப்பீர்கள், ஏனென்றால் ஆதாயத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடையைச் சரி செய்ததிலேயே வந்துவிடுகிறது. இந்த எண்களில் விளம்பரச் செலவைக் கழிக்கவில்லை. ஒரு ஆர்டர் பிடிக்க 35 ரூபாய்க்கு மேல் விளம்பரத்துக்குப் போகிறது என்றால், ஒரு பாக்கெட் ஆர்டரில் நஷ்டம்தான். விளம்பரத்தில் காம்போவை மட்டும் காட்டுங்கள், ஒற்றைப் பாக்கெட்டைத் தேடி வருபவர் கடைக்குள்ளே பார்த்துக்கொள்ளட்டும்.

காம்போவில் என்னென்ன பொடி? இட்லிப் பொடி நான்கு என்று போட்டுவிடாதீர்கள். ஒரே பொடியை நான்கு வாங்கியவர் அடுத்த இரண்டு மாதத்துக்கு உங்கள் பக்கமே வரமாட்டார். அடுத்த மாதம் முழு விலைக்கு வாங்க இருந்ததைத்தான் இந்த மாதம் குறைந்த விலைக்கு விற்றிருப்பீர்கள். அதோடு எள்ளும் கொப்பரையும் பூண்டும் சேர்ந்த பொடி பிரிக்காமல் இருந்தாலும் நாளாக ஆக மணம் குறையும், எண்ணெய் காறும். நான்காவது பாக்கெட்டைப் பிரிக்கும்போது முதல் பாக்கெட்டின் ருசி இருக்காது, குறை உங்கள் பெயரில்தான் வரும். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, ரசப்பொடி என்று வேறுவேறு வேளைக்கு உதவுபவையாக இருந்தால் நான்கும் ஒரே நேரத்தில் பிரிபடும், எது பிடிக்கிறதோ அது தனியாகத் திரும்பவும் ஆர்டராகும். கடைசி மூன்று மாத பில்லில் இரண்டு பாக்கெட் ஆர்டர்களை மட்டும் எடுத்து எந்தப் பொடியோடு எது போயிருக்கிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். அதிகம் சேர்ந்து போகும் இரண்டும் காம்போவில் கட்டாயம் இருக்க வேண்டும். மற்ற இரண்டில், நன்றாக இருந்தும் பலர் இன்னும் வாங்கிப் பார்க்காத ஒன்றை வையுங்கள். விற்காமல் தேங்கிய பொடியைக் காம்போவில் தள்ளிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைச் செய்தால் மற்ற மூன்றும் சேர்ந்து விற்காமல் போகும்.

“உங்களுக்குப் பிடித்த நான்கு” என்று வாடிக்கையாளர் இஷ்டத்துக்கு விடுவது கவர்ச்சியாக இருக்கும், ஆனால் எல்லாப் பொடியின் அடக்கமும் ஒன்றாக இருந்தால்தான் அது சரி. 68 என்று நீங்கள் எழுதியிருப்பது சராசரி என்று நினைக்கிறேன். பிரண்டைப் பொடியோ பூண்டுப் பொடியோ 92 ஆகிறது என்று வையுங்கள், அதையே நான்கு எடுப்பவரிடம் 149-க்குப் பதில் 53 தான் நிற்கும். தனியாக விற்கும்போது தெரியாத இந்த வித்தியாசம், காம்போ போட்டதும் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் விலை ஒன்றாக இருக்கும்போது ஆட்கள் மதிப்பான பொருளையே பொறுக்குவார்கள். அடக்கம் கூடிய பொடிகளின் விலையை முதலில் 180 ஆக்கிவிட்டு, இஷ்டக் காம்போவில் அவற்றைச் சேர்க்காமல் விடுங்கள்.

ஒரே பொடியை அதிகம் வாங்கும் பழக்கமுள்ளவர்களும் இருப்பார்கள், பெரிய குடும்பம், அலுவலக மெஸ் மாதிரி. அவர்களுக்குத் தள்ளுபடிக்குப் பதில் பெரிய பாக்கெட் கொடுங்கள். ஆனால் 500 கிராம் பாக்கெட் வேண்டாம், பவுச்சோடும் கவரோடும் அரை கிலோவைத் தாண்டிவிடும். 400 கிராம் பாக்கெட் பவுச்சோடு 420, கவரோடு 465, முதல் படியிலேயே அடங்கும். ஒரு பவுச், ஒரு லேபிள், நிரப்பும் கூலி குறைவதால் அடக்கம் 136-க்குப் பதில் 129 அளவில் வரும். 290 ரூபாய்க்கு விற்றால் 104 நிற்கும், இரண்டு சின்னப் பாக்கெட் விற்றதற்குக் கிட்டத்தட்ட சமம், 10 ரூபாய் குறைத்துக் கொடுத்த பிறகும். பாக்கெட் பொருட்களின் லேபிளில் எம்ஆர்பியோடு ஒரு கிராமுக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சின்னப் பாக்கெட்டில் 0.75, பெரியதில் 0.73 என்று லேபிளே தள்ளுபடியைச் சொல்லிவிடும்.

ஊறுகாயைப் பற்றிக் கேட்டீர்கள். கண்ணாடி பாட்டில் என்றால் 300 கிராம் ஊறுகாய் அரை கிலோவுக்கு மேல் எடை நிற்கும். இரண்டு பொடியோடு சேர்த்துப் பெட்டியும் குமிழ் உறையும் போட்டால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும், கூரியர் 140. பாட்டிலுக்கு நான்கு பக்கமும் இடம் விட வேண்டும் என்பதால் பெட்டியும் பெரிதாகும், கொள்ளளவு எடையும் ஏறும். நிற்கும் பவுச்சில் அடைத்தால் அதே 300 கிராம் 320-க்குள் முடியும், இரண்டு பொடி, ஒரு ஊறுகாய், பெட்டி சேர்த்து 840. பவுச்சில் எண்ணெய் கசியும் ஆபத்து உண்டு. சீல் வைத்த பவுச்சை ஒரு ராத்திரி முழுக்க வெள்ளைத் தாளில் தலைகீழாக வைத்து, மேலே இரண்டு கிலோ பாரம் ஏற்றிப் பாருங்கள். தாளில் எண்ணெய்க் கறை இருந்தால் சீல் சூடு போதவில்லை, அல்லது சீல் விழும் இடத்தில் எண்ணெய் பட்டிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் காம்போவில் சேர்த்தால் ஒரு பவுச் கசிந்து மற்ற பாக்கெட்டுகளும் திரும்பி வரும். காம்போவில் ஒரு பொருள் கெட்டால் எதற்கு எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். பொதுவாகக் காம்போ விலையில் அந்தப் பொருளின் பங்கு, அதாவது நான்கு பொடிக் காம்போவில் ஒரு பாக்கெட்டுக்கு 145 என்று கணக்கிடுவது வழக்கம்.

பண்டிகைப் பெட்டி போடும்போது வரியில் ஒரு பொறி இருக்கிறது. வெவ்வேறு வரி விகிதமுள்ள பொருட்களை ஒரே விலைக்கு ஒரே பெட்டியாக விற்றால், ஜிஎஸ்டி சட்டப்படி அது கலப்பு வழங்கல், உள்ளே இருப்பதில் எந்தப் பொருளுக்கு விகிதம் அதிகமோ அந்த விகிதம் மொத்தப் பெட்டிக்கும் வரும். பொடிகளோடு 18% பொருள் ஒன்றை அழகுக்காக வைத்து 579-க்கு விற்றால் வரி 28 ரூபாயிலிருந்து 88 ஆகும். கையில் நிற்கும் 149-இல் 60 ரூபாய்க்கு மேல் அதற்கே போய்விடும், அந்தப் பொருளின் அடக்கம் தனி. வேண்டுமென்றால் அதைத் தனி விலையில், பில்லில் தனி உருப்படியாக விற்றுவிடுங்கள். அச்சடித்த பரிசுப் பெட்டியாகவே விற்கிறீர்கள் என்றால் பெட்டியின் மேலும் உள்ளே என்னென்ன, எத்தனை கிராம், எம்ஆர்பி, தயாரிப்பாளர் விவரம் எல்லாம் இருக்க வேண்டும். உள்ளே இருப்பதில் எது முதலில் காலாவதியாகுமோ அந்தத் தேதியைப் பெட்டிக்கும் போடுங்கள். ஏற்கெனவே முழு லேபிள் உள்ள நான்கு பவுச்சைச் சாதாரணக் கூரியர் பெட்டியில் போட்டு அனுப்பும்போது இந்தக் கூடுதல் வேலை இல்லை.

வெப்சைட்டில் பார்க்க வேண்டியது கூப்பன். புதிதாக வருபவர்களுக்கு 10% கூப்பன் வைத்திருந்தால் அது காம்போ மேலும் விழும். 579 ரூபாய் 521 ஆகி, 149-இல் 96 தான் மிஞ்சும், இரண்டு பாக்கெட் ஆர்டரைவிடக் குறைவு. WooCommerce என்றால் அந்தக் கூப்பனைத் திறந்து `Usage restriction` பக்கத்தில் `Exclude products` என்ற இடத்தில் காம்போவின் பெயரைச் சேருங்கள். `Individual use only` என்பதை டிக் செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது இரண்டு கூப்பன்கள் ஒன்றாகச் சேர்வதை மட்டுமே தடுக்கும், காம்போ விலையின் மேல் ஒரு கூப்பன் விழுவதைத் தடுக்காது. அமைத்து முடித்ததும் நீங்களே ஒரு ஆர்டர் போட்டு, கூப்பனை அடித்து, கடைசித் தொகை 579 ஆகவே நிற்கிறதா என்று பாருங்கள்.

காம்போவைத் தனிப் பொருளாக ஏற்றியிருந்தால் கையிருப்பு எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். காம்போ ஒன்று விற்றதும் இட்லிப் பொடியின் எண்ணிக்கை தானாகக் குறையாது, அதற்கென்று தனியாக வசதி சேர்த்திருந்தால் ஒழிய. ஞாயிற்றுக்கிழமை இரவு கறிவேப்பிலைப் பொடி தீர்ந்திருக்க, காம்போ மட்டும் விற்றுக்கொண்டே இருக்கும். அந்த வசதி இல்லாதவரை காம்போவுக்கென்று பத்து செட் தனியாக எடுத்து வைத்து, இருப்பு 10 என்று மட்டும் காட்டுங்கள்.

கேஷ் ஆன் டெலிவரி கொடுக்கிறீர்கள் என்றால் காம்போவை அதில் சேர்க்காதீர்கள். வாங்காமல் திருப்பி அனுப்பினால் போன கட்டணம், வந்த கட்டணம் இரண்டும் உங்கள் தலையில்தான். ஒரு கிலோ படியில் 100 ரூபாய் போகவும், கிட்டத்தட்ட அதே அளவு திரும்பவும் என்றால், ஒரு பெட்டி திரும்பி வந்ததும் இன்னொரு பெட்டியில் நின்ற 149-உம் போய், அதற்கு மேலும் கையிலிருந்து போகும். இது தவிர கேஷ் ஆன் டெலிவரிக்கென்று கூரியர் வாங்கும் கட்டணம் வேறு.

கடைசியாக, காம்போ எடுத்தவர்களின் பெயரை ஒரு தாளில் தனியாக எழுதி வைத்து, 60 நாள் கழித்து எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், எந்தப் பொடிக்கு வந்தார்கள் என்று பாருங்கள். அதே காலத்தில் இரண்டு பாக்கெட் வாங்கியவர்களையும் எண்ணி ஒப்பிடுங்கள். காம்போ எடுத்தவர்கள் அவர்களைவிடக் குறைவாகத் திரும்பினால், நாலாவது பொடி அலமாரியில் தூங்குகிறது என்று பொருள். அப்போது காம்போவின் விலையில் கை வைக்காமல், அந்த ஒரு பொடியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.